குறிப்பேட்டிலிருந்து ஸ்லைடுக்கு: தலைப்புகள் பிரியும் கணக்கு

பேச்சுக்கான குறிப்புகளைக் கணினியில் எழுதி வைத்திருப்பவர்கள் பலர். பேச வேண்டிய நாள் நெருங்கும்போது அதே குறிப்புகளை மறுபடியும் பவர்பாயிண்டில் ஒவ்வொரு வரியாக ஒட்டுகிறார்கள். தலைப்பை ஓரிடத்தில் ஒட்டி, கீழே உள்ள வரிகளை இன்னோரிடத்தில் ஒட்டி, புள்ளிகளைச் சரிசெய்வதிலேயே ஒரு மாலை போய்விடுகிறது. பிறகு குறிப்பில் ஒரு திருத்தம் வந்தால் இரண்டு இடங்களிலும் மாற்ற வேண்டும். பெரும்பாலும் ஓரிடத்தில் மட்டுமே மாறும்.

குறிப்புகள் மார்க்டவுன் முறையில் எழுதப்பட்டிருந்தால் இந்த ஒட்டுவேலை தேவையில்லை. மார்க்டவுன் என்பது ஜான் க்ரூபர் 2004-ல் வெளியிட்ட எழுத்துமுறை. வரியின் தொடக்கத்தில் ஒரு `#` போட்டால் பெரிய தலைப்பு, இரண்டு போட்டால் அதற்குள் அடங்கிய தலைப்பு, மூன்று போட்டால் அதற்கும் உள்ளே. ஒரு சிறு கோடும் இடைவெளியும் போட்டுத் தொடங்கினால் பட்டியல் வரி. இவ்வளவு தெரிந்தால் போதும், எந்த எளிய எழுதியிலும் எழுதலாம். ஒரு பேச்சின் எலும்புக்கூடு அந்த `#` குறிகளிலேயே தெரிந்துவிடுகிறது. அதைப் படித்து ஸ்லைடுகளாகப் பிரிப்பது மட்டுமே மீதி வேலை.

அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்களில் பரவலாகப் பயன்படுவது பாண்டாக். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருக்கும் ஜான் மெக்ஃபார்லேன் 2006-ல் இதை வெளியிட்டார். இலவசமாகக் கிடைக்கிறது. ஒருவகைக் கோப்பை இன்னொரு வகையாக மாற்றுவதே இதன் தொழில். மார்க்டவுனைக் கொடுத்தால் பவர்பாயிண்ட் கோப்பைத் தரும். அடுக்காக எழுதிய குறிப்பிலிருந்து ஸ்லைடுகளை எடுக்கும் எண்ணம் இதைவிடப் பழையது. டேவ் வைனர் 1986-ல் மெக்கின்டாஷ் கணினிக்காகக் கொண்டுவந்த ‘மோர்’ என்ற மென்பொருளே குறிப்பு அடுக்குகளைப் புள்ளிவரிப் பக்கங்களாக்கிக் காட்டியது.

பாண்டாக்கை முதன்முதலாக இயக்குபவர்களில் பலர் வரும் கோப்பைப் பார்த்துத் திகைப்பார்கள். சிலருக்கு எல்லாமே ஒரே ஸ்லைடில் குவிந்திருக்கும். சிலருக்குத் தலைப்பு மட்டும் உள்ள வெற்று ஸ்லைடுகள் வரிசையாக வரும். மென்பொருள் பழுதாகிவிட்டது போலத் தோன்றும், ஆனால் அது தன் விதியைச் சரியாகத்தான் பின்பற்றியிருக்கும். அந்த விதி ஒன்றே ஒன்றுதான். அதைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒரு கிராமச் சுகாதார செவிலியர் பள்ளி மாணவர்களுக்குப் பாம்புக்கடி முதலுதவி பற்றிப் பேசத் தயாராகிறார் என்று வைத்துக்கொள்வோம். `paambu.md` என்ற கோப்பில் அவருடைய குறிப்பு இப்படி இருக்கிறது:

```
# பாம்புக்கடி

வயல்வேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக.

## எந்தப் பாம்புகள்

- நல்ல பாம்பு
- கட்டுவிரியன்
- கண்ணாடி விரியன்
- சுருட்டை விரியன்

## கடித்தவுடன்

### செய்ய வேண்டியது

- கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைப்பது
- மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுவது
- 108-ஐ அழைப்பது

### செய்யக் கூடாதது

- இறுக்கிக் கயிறு கட்டுவது
- கீறுவது, வாயால் உறிஞ்சுவது

## மருத்துவமனையில்

- விஷமுறிவு ஊசி மட்டுமே மருந்து
```

இதை மாற்றுவதற்கான கட்டளை ஒரே வரி:

```
pandoc paambu.md -o paambu.pptx
```

கோப்பைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு ஸ்லைடு. ‘பாம்புக்கடி’ என்று மேலே தலைப்பு. கீழே முன்னுரை வரி, நான்கு பாம்புகள், முதலுதவி, மருத்துவமனை எல்லாம் இடித்துக்கொண்டு நிற்கும். எந்தப் பாம்புகள், கடித்தவுடன் என்ற தலைப்புகள் ஸ்லைடுகளாகாமல் நடுநடுவே தடித்த எழுத்து வரிகளாக வந்திருக்கும்.

காரணம், `#` தலைப்புக்குக் கீழே இருக்கும் அந்த ஒற்றை முன்னுரை வரி.

எந்தத் தலைப்பு மட்டத்தில் புது ஸ்லைடு தொடங்க வேண்டும் என்பதைப் பாண்டாக் தானே முடிவு செய்கிறது. அந்த மட்டத்துக்கு ஸ்லைடு மட்டம் என்று பெயர். கோப்பு முழுவதையும் அது பார்வையிடும். எந்தெந்தத் தலைப்புகளுக்கு அடுத்தபடியாக இன்னொரு தலைப்பு வராமல் நேரடியாகப் பத்தியோ பட்டியலோ வருகிறது என்று பார்க்கும். அப்படிப்பட்ட தலைப்புகளில் மிக மேலே இருப்பது எந்த மட்டமோ, அதையே ஸ்லைடு மட்டமாக எடுத்துக்கொள்ளும். கோப்பில் ஓரிடத்தில் அப்படி இருந்தாலே போதும்.

செவிலியரின் கோப்பில் ‘பாம்புக்கடி’ என்ற ஒற்றை `#` தலைப்பை அடுத்து ஒரு வாக்கியம் வந்துவிட்டது. ஆகவே ஸ்லைடு மட்டம் 1. ஒற்றை `#` தலைப்பு கோப்பில் ஒன்றுதான் என்பதால் ஸ்லைடும் ஒன்றுதான். அந்த வாக்கியத்தை அழித்துவிட்டு அதே கட்டளையை மறுபடி கொடுத்துப் பார்த்தால் கதை மாறிவிடுகிறது. இப்போது `#` தலைப்பை அடுத்து `##` தலைப்பு வருகிறது, எனவே அது கணக்கில் வராது. ‘எந்தப் பாம்புகள்’ என்ற `##` தலைப்புக்குக் கீழே பட்டியல் இருப்பதால் ஸ்லைடு மட்டம் 2 ஆகிறது. கிடைப்பவை நான்கு ஸ்லைடுகள்: ‘பாம்புக்கடி’ என்ற பெயர் மட்டும் தாங்கிய பிரிவுத் தலைப்பு ஸ்லைடு, பிறகு மூன்று `##` தலைப்புகளுக்கும் ஒவ்வொன்று. ‘செய்ய வேண்டியது’, ‘செய்யக் கூடாதது’ என்ற `###` தலைப்புகள் ஸ்லைடு மட்டத்துக்குக் கீழே இருப்பதால் ‘கடித்தவுடன்’ ஸ்லைடுக்குள் தடித்த துணைத்தலைப்புகளாக அமைகின்றன. செவிலியர் நினைத்ததும் இதைத்தான்.

ஆக, தலைப்பு மட்டங்களுக்கு மூன்று விதமான கதி. ஸ்லைடு மட்டத்துக்கு மேலே உள்ளவை பிரிவுகளின் முகப்பாகின்றன. அதே மட்டத்தில் உள்ளவை ஸ்லைடுகளின் தலைப்பாகின்றன. கீழே உள்ளவை ஸ்லைடுக்குள் துணைத்தலைப்பாகின்றன. பட்டியல் வரிகள் புள்ளிகளாக இறங்குகின்றன. உள்ளே தள்ளி எழுதிய வரிகள் உட்புள்ளிகளாகின்றன. தலைப்பு இல்லாத இடத்தில் ஸ்லைடை வெட்ட வேண்டுமென்றால் மூன்று சிறு கோடுகளைத் தனி வரியில், மேலும் கீழும் வெற்று வரி விட்டு இட வேண்டும். எந்த மட்டமானாலும் அங்கே புது ஸ்லைடு தொடங்கும்.

இந்தத் தானியங்கிக் கணிப்பை நம்பி இருக்க வேண்டியதில்லை. குறிப்பு வளர வளர யாராவது ஒரு நாள் மேல் தலைப்பின் கீழ் ஒரு வரி சேர்ப்பார்கள்; நாற்பது ஸ்லைடுகள் சட்டென்று ஐந்தாகிவிடும். அதனால் மட்டத்தைக் கட்டளையிலேயே எழுதிவிடுவது நல்லது:

```
pandoc paambu.md --slide-level=2 -o paambu.pptx
```

இப்போது முன்னுரை வரி இருந்தாலும் ஸ்லைடுகள் `##` தலைப்புகளில்தான் பிரியும். ஆனால் அந்த வரி மறைந்துவிடாது. அது எங்கே போகும் என்பது எந்த வகை வெளியீடு என்பதைப் பொறுத்தது. உலாவியில் திறக்கும் ஸ்லைடுகளில் பிரிவுத் தலைப்போடேயே தங்கும். பீமர் போன்றவற்றில் அடுத்துத் தனி ஸ்லைடாக வந்து நிற்கும். மேல் தலைப்பின் கீழ் எதையும் எழுதாமல் விடுவதுதான் சிக்கலற்ற வழி.

மட்டத்தை 3 என்று கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். ‘கடித்தவுடன்’ ஒரு பிரிவு முகப்பாகி, ‘செய்ய வேண்டியது’, ‘செய்யக் கூடாதது’ இரண்டும் தனித்தனி ஸ்லைடுகளாகும். அது நன்றாகவே இருக்கும். ஆனால் ‘எந்தப் பாம்புகள்’ என்பதற்குள் `###` தலைப்பு எதுவும் இல்லை. ஆகவே அதுவும் முகப்பாகிவிட, பாம்புகளின் பட்டியல் தனக்கென்று ஸ்லைடு தலைப்பு இல்லாமல் தவிக்கும். தொடக்கத்தில் சொன்ன வெற்றுத் தலைப்பு ஸ்லைடுகள் வருவது பெரும்பாலும் இப்படித்தான்: குறிப்பின் ஒரு பகுதி மூன்று அடுக்கு ஆழம், இன்னொரு பகுதி இரண்டு அடுக்கு ஆழம். கட்டளையை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிடக் குறிப்பில் ஆழத்தைச் சமப்படுத்துவதே தீர்வு. ஸ்லைடாக வேண்டிய ஒவ்வொன்றும் ஒரே எண்ணிக்கையில் `#` கொண்டிருக்க வேண்டும்.

இதைச் சரிபார்க்க ஸ்லைடுகளை உருவாக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. லினக்ஸ், மேக் கணினிகளில் இந்த ஒரு வரி தலைப்புகளை மட்டும் எடுத்துக் காட்டிவிடும்:

```
grep '^#' paambu.md
```

வரும் பட்டியலில் `###` வரிகளை விட்டுவிட்டு, `#`, `##` தலைப்பு வரிகளை மட்டும் எண்ணினால் அவ்வளவு ஸ்லைடுகள் வர வேண்டும். பேச்சின் ஓட்டம் சரியாக இருக்கிறதா என்பதையும் அங்கேயே படித்துப் பார்க்கலாம்.

எண்ணிக்கை இடிக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெற்று வரியை. பாண்டாக்கின் வழக்கமான மார்க்டவுனில், ஒரு பத்தியை ஒட்டி வெற்று வரி விடாமல் தலைப்பு எழுதினால் அது தலைப்பாகவே கருதப்படாது. முந்தைய பத்தியோடு கலந்துவிடும். பட்டியலுக்கும் அதே கதி.

```
நச்சுப் பாம்புகள்:
- நல்ல பாம்பு
- கட்டுவிரியன்
```

இப்படி எழுதினால் ஸ்லைடில் புள்ளிகள் வராது. ‘நச்சுப் பாம்புகள்: - நல்ல பாம்பு - கட்டுவிரியன்’ என்று ஒரே ஓட்டமாக வரும். இது பலரைக் குழப்புவதற்குக் காரணம் உண்டு. குறிப்பெழுதும் செயலிகள் பலவற்றில் இதே வரிகள் அழகான பட்டியலாகத் தெரியும், ஏனென்றால் அவை பின்பற்றும் மார்க்டவுன் விதி வேறு. கண்டுபிடிப்பது எளிது: ஸ்லைடின் நடுவில் `##` குறியோ, வாக்கியத்துக்குள் தனித்து நிற்கும் சிறு கோடோ தென்பட்டால் மேலே ஒரு வெற்று வரி குறைகிறது. `-f gfm` என்று கட்டளையில் சேர்த்தால் பாண்டாக் கிட்ஹப் பயன்படுத்தும் மார்க்டவுன் விதிக்கு மாறி இவற்றை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்த விதியில், அடுத்து வரும் பேச்சாளர் குறிப்பு வசதி வேலை செய்யாது. அதனால் வெற்று வரிகளைச் சேர்ப்பதே மேல்.

இன்னொரு சிறு பொறி தலைப்பு ஸ்லைடுக்கானது. கோப்பின் உச்சியில் இரண்டு மூன்று-கோடு வரிகளுக்கு நடுவே `title:` என்று எழுதினால் தொடக்க ஸ்லைடு தானாக அமையும். பெயருக்குள் இன்னொரு முக்காற்புள்ளியும் அதையடுத்து இடைவெளியும் இருந்தால் கணினி குழம்பிப் பிழை காட்டும். முழுப் பெயரையும் மேற்கோள் குறிகளுக்குள் வைத்துவிட வேண்டும்:

```
---
title: "பாம்புக்கடி: முதலுதவி"
---
```

அடுத்தது நீளத்தைப் பற்றியது. குறிப்பில் இருப்பதெல்லாம் திரைக்குப் போக வேண்டியவை அல்ல. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில் கடிக்கும், தரையில் தூங்குபவருக்குக் கடிபட்டதே தெரியாமல் போகலாம், வலியும் வீக்கமும் இல்லாததால் காலைவரை யாரும் கவனிக்காமல் விடும் ஆபத்து உண்டு. இதைச் செவிலியர் வாயால் சொல்ல வேண்டும். ஸ்லைடில் பத்தியாக எழுதினால் மாணவர்கள் அதைப் படித்துக்கொண்டிருப்பார்கள், அவர் பேச்சைக் கேட்க மாட்டார்கள். பாண்டாக்கோ பத்தியென்றால் பத்தியாகவே ஸ்லைடில் போடும். இடம் போதாவிட்டால் மிச்சத்தை அடுத்த ஸ்லைடுக்குத் தானாகத் தள்ளவும் செய்யாது. எது திரைக்கு, எது பேச்சுக்கு என்பதை எழுதுபவர்தான் குறித்துக் காட்ட வேண்டும். அதற்கு வழி இருக்கிறது:

```
## மருத்துவமனையில்

- விஷமுறிவு ஊசி மட்டுமே மருந்து

::: notes
இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம்
வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள்.
:::
```

மூன்று முக்காற்புள்ளி வரிகளுக்கு நடுவே இருப்பது பவர்பாயிண்டில் பேச்சாளர் குறிப்பாகப் போய்ச் சேரும். பேசுபவர் திரையில் மட்டும் தெரியும், சுவரில் விழாது. குறிப்பையும் ஸ்லைடையும் ஒரே கோப்பில் வைத்திருப்பதன் முழுப் பலன் இங்கேதான் கிடைக்கிறது. திரைக்கான சொற்களைக் குறைத்துக்கொண்டே போகலாம். விளக்கம் எதையும் இழக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்ன வழியில் புள்ளிகளாவது பட்டியல் வரிகள்தான், தலைப்புகள் அல்ல. தலைப்புகளே புள்ளிகளாக வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஐம்பது பக்க அறிக்கை ஒன்றை மார்க்டவுனில் எழுதியிருக்கிறார்கள், பத்திகள் நிறைய, பட்டியல்கள் குறைவு, ஆனால் தலைப்புகள் நான்கு அடுக்குக்கு இறங்குகின்றன. அதன் சாரத்தை மட்டும் ஸ்லைடில் காட்ட வேண்டும். இங்கே பாண்டாக்கிலிருந்து நேராக ஸ்லைடு எடுத்தால் பத்திகளெல்லாம் திரையை நிறைத்துவிடும். அதற்குப் பதிலாக முதலில் வேர்டு கோப்பாக்க வேண்டும்:

```
pandoc arikkai.md --shift-heading-level-by=-1 -o arikkai.docx
```

பாண்டாக் உருவாக்கும் வேர்டு கோப்பில் `#` தலைப்புகள் வேர்டின் சொந்தத் தலைப்புப் பாணிகளாகவே அமைகின்றன. பவர்பாயிண்டில் புது ஸ்லைடு சேர்க்கும் பட்டியலில் `Slides from Outline` என்று ஒன்று இருக்கிறது. அதில் இந்தக் கோப்பைக் கொடுத்தால், முதல் மட்டத் தலைப்பு ஸ்லைடின் பெயராகும், இரண்டாம் மட்டம் புள்ளியாகும், மூன்றாம் மட்டம் உட்புள்ளியாகும். பத்திகள் விடுபட்டுவிடும். கட்டளையில் உள்ள `-1` எல்லாத் தலைப்புகளையும் ஒரு படி மேலே ஏற்றுகிறது. அறிக்கையின் உச்சியில் உள்ள ஒற்றை `#` ஆவணத்தின் பெயராகிவிட, `##` தலைப்புகள் முதல் மட்டத்துக்கு வந்து ஸ்லைடுகளாகின்றன. பவர்பாயிண்ட் இல்லாதவர்கள் லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் இதே கோப்பைத் திறந்து, `File` பட்டியலின் `Send` பகுதியிலிருந்து `Outline to Presentation` மூலம் அனுப்பலாம்.

செவிலியரின் கோப்பை இந்த வழியில் அனுப்பினால் ஏமாற்றம்தான். ‘கடித்தவுடன்’ ஸ்லைடில் ‘செய்ய வேண்டியது’, ‘செய்யக் கூடாதது’ என்று இரண்டு புள்ளிகள் வரும். கயிறு கட்டக் கூடாது என்ற செய்தி வராது, ஏனென்றால் அது பட்டியல் வரி. ‘எந்தப் பாம்புகள்’ ஸ்லைடில் ஒரு பாம்பும் இருக்காது. எனவே எந்த வழியில் போகப் போகிறோம் என்பதை எழுதத் தொடங்கும்போதே தீர்மானித்துக்கொள்வது நல்லது. பேச்சுக்கென்றே எழுதும் குறிப்பில் புள்ளிகளைச் சிறு கோடுகளாக எழுதிப் பாண்டாக்கிலிருந்து நேராக எடுக்கலாம். வேறு நோக்கத்துக்காக எழுதிய நீண்ட ஆவணத்திலிருந்து சாரம் எடுக்க வேண்டுமென்றால் வேர்டு வழியே பொருத்தம், ஆனால் அதற்கு அந்த ஆவணத்தின் துணைத்தலைப்புகள் பொருளோடு இருக்க வேண்டும். ‘அறிமுகம்’, ‘பின்னணி’, ‘விவாதம்’ என்று இருந்தால் ஸ்லைடிலும் அந்த வெறும் சொற்களே வந்து நிற்கும். ‘கயிறு கட்டினால் காலே போகலாம்’ என்பது போல ஒரு செய்தியைச் சொல்லும் தலைப்பு எந்த வழியில் போனாலும் பயன்படும்.

தோற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாண்டாக் தரும் ஸ்லைடுகள் வெள்ளைப் பின்னணியில் அலங்காரமின்றி இருக்கும். எழுத்துருவும் நிறமும் மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு ஸ்லைடாக மாற்றக் கூடாது. குறிப்பைத் திருத்தி மறுபடி உருவாக்கும்போது அந்த உழைப்பெல்லாம் அழிந்துவிடும். பாண்டாக்கின் மாதிரிக் கோப்பை ஒருமுறை வெளியே எடுத்து, பவர்பாயிண்டின் ஸ்லைடு மாஸ்டரில் தமிழ் எழுத்துரு, அளவு, நிறம் ஆகியவற்றை அமைத்துச் சேமித்துக்கொண்டால் போதும்:

```
pandoc -o maathiri.pptx --print-default-data-file reference.pptx
pandoc paambu.md --slide-level=2 --reference-doc=maathiri.pptx -o paambu.pptx
```

மாதிரிக் கோப்பில் `Title and Content`, `Section Header` போன்ற தளவமைப்புப் பெயர்களை மட்டும் மாற்றாமல் விட வேண்டும். பாண்டாக் அந்தப் பெயர்களை வைத்துத்தான் எந்த ஸ்லைடுக்கு எந்த அமைப்பு என்று தேடுகிறது. பெயர் கிடைக்காவிட்டால் தன்னிடம் உள்ள பழைய அமைப்பையே எடுத்துப் போடும். ஒரு ஸ்லைடு மட்டும் வேறு எழுத்துருவில் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த பள்ளியில் பேசும்போது செவிலியருக்கு மாணவர்கள் ஒரு புதுக் கேள்வி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: கடித்த பாம்பை அடித்து மருத்துவமனைக்கு எடுத்துவர வேண்டுமா? வேண்டாம், பிடிக்கப் போனால் இன்னொரு கடி விழும், அந்த நான்கு பாம்புகளுக்கும் ஒரே விஷமுறிவு ஊசிதான். அவர் `paambu.md` கோப்பில் ‘செய்யக் கூடாதது’ பட்டியலின் கீழ் ‘பாம்பைத் துரத்துவது’ என்று ஒரு வரி சேர்த்து, காரணத்தைப் பேச்சாளர் குறிப்பில் எழுதி, மேலே உள்ள இரண்டாவது கட்டளையை மறுபடி ஓட்டினால் வேலை முடிந்தது.